ஊதியம் என்ற சொல் மறைந்த இடம்: புனே டெல்கோ, 1988–89

1989 செப்டம்பர் 29 அதிகாலை. புனே நகரின் நடுவே உள்ள சனிவார்வாடாக் கோட்டையின் முன் பத்து நாட்களாக உண்ணாநிலையில் இருந்த டெல்கோ தொழிலாளர்களைக் காவல்துறை சூழ்ந்துகொண்டு, பேருந்துகளில் ஏற்றி அப்புறப்படுத்தியது. அங்கே அமர்ந்திருந்தோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பின்னர் டாட்டா மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஆலைகளில் லாரி செய்தவர்கள் அவர்கள். அந்தக் காலைப் பொழுதோடு போராட்டம் ஒடிந்தது. புனேயின் தொழில் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வை ஒரு நிர்வாகத்தின் உறுதி என்றோ, ஒரு தொழிற்சங்கத்தின் வீழ்ச்சி என்றோ பதிவு செய்வது வழக்கம். பணியிடப் பூசல்களை ஆராய்வோருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று உண்டு: ஊதியத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சில் ஊதியம் என்ற சொல் எப்போது மறைந்தது?

நிகழ்வுகளின் வரிசை எளியது. 1988இல் ஊதிய உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தது. டெல்கோ காம்கார் சங்கடனா என்ற தொழிற்சங்கத்தில் ராஜன் நாயர் என்ற தொழிலாளி வேகமாகச் செல்வாக்குப் பெற்றார். பாதுகாவலர் ஒருவரை மிரட்டினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அதன்பின் ‘எங்கள் தலைவரோடு பேசு’ என்றது தொழிலாளர் தரப்பு. ‘பணியில் இல்லாத ஒருவரோடு பேச இயலாது’ என்றது நிர்வாகம். அந்த ஆண்டு டிசம்பரில் ரத்தன் டாட்டா நிறுவனத்தின் தலைவரானார். 1989 மார்ச்சில் ஆலைகளைச் சுற்றி வன்முறை வெடித்தது. அதிகாரிகளும் பணிக்கு வந்த தொழிலாளர்களும் தாக்கப்பட்டனர். இதற்கிடையே, நிர்வாகத்தோடு இணக்கமானது என்று கருதப்பட்ட டெல்கோ எம்ப்ளாயீஸ் யூனியன் என்ற இன்னொரு சங்கம் வளர்ந்தது. செப்டம்பர் 19 அன்று நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு ஊதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நாயரின் ஆதரவாளர்கள் சனிவார்வாடாவில் உண்ணாநிலையில் அமர்ந்தனர். பத்தாம் நாள் காவல்துறை வந்தது.

இந்த வரிசையைப் பூசல் ஏறும் படிகளாகப் படிப்பதற்கு ஆஸ்திரிய ஆய்வாளர் பிரீட்ரிக் கிளாசல் 1980இல் முன்வைத்த ஒன்பது நிலைகள் கைகொடுக்கும். பூசல் ‘முற்றுகிறது’ என்று பொதுவாகச் சொல்கிறோம். கிளாசலோ அதைக் கீழே இறங்கும் படிக்கட்டாக வரைந்தார். இறங்க முயற்சி வேண்டியதில்லை, கால் தானாக அடுத்த படிக்குப் போய்விடும். ஏறுவதற்குத்தான் முயற்சி வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் கருத்து.

முதல் மூன்று படிகளில் இரு தரப்பும் வெல்ல வழி உண்டு. முதற்படியில் நிலைப்பாடுகள் இறுகுகின்றன. இரண்டாம் படியில் கலந்துரையாடல் வாதமாகிறது. கேட்பதற்காகக் கேட்காமல் மறுப்பதற்காகக் கேட்கிறார்கள். மூன்றாம் படியில் ‘இனிப் பேசிப் பயனில்லை’ என்று இரு தரப்பும் செயலில் இறங்குகின்றன. அடுத்த மூன்று படிகளில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும். நான்காம் படியில் எதிராளியைப் பற்றிய சித்திரம் உறைந்துபோகிறது. ஆள் சேர்க்கும் வேலை தொடங்குகிறது. ஐந்தாம் படியில் எதிராளியின் முகத்திரையைப் பலர் அறியக் கிழிப்பதே நோக்கமாகிறது. ஆறாம் படியில் மிரட்டலும் கெடுவும் வருகின்றன. கடைசி மூன்று படிகளில் இருவருக்குமே இழப்புத்தான். தன் இழப்பைவிட எதிராளியின் இழப்பு பெரிதாக இருந்தால் போதும் என்று தொடங்கி, எதிராளியின் கூட்டத்தைச் சிதறடிப்பதில் வளர்ந்து, சேர்ந்தே படுகுழியில் விழுவதில் அது முடிகிறது.

டெல்கோவின் கதையை இந்தப் படிக்கட்டின் மீது வைத்தால், ராஜன் நாயரின் பணிநீக்கம் எந்தப் படியில் நிற்கிறது என்ற கேள்வி முக்கியமாகிறது. நிர்வாகத்தின் பார்வையில் அது ஒழுங்கு நடவடிக்கை. பூசலின் படியே அன்று. தொழிலாளரின் பார்வையில் அது மூன்றாம் படி: பேச்சை விட்டுச் செயலில் இறங்கியது. இந்த முரண் தற்செயலானதன்று. நிர்வாகம் எடுத்துவைக்கும் அடி ‘நடைமுறை’ என்ற பெயரில் கோப்பில் ஏறுகிறது. தொழிலாளர் எடுத்துவைக்கும் அடி ‘ஒழுங்கீனம்’ என்ற பெயரில் ஏறுகிறது. ஆகவே படிகளை எண்ணும்போது கோப்பு பெரும்பாலும் ஒரு தரப்பின் அடிகளை மட்டுமே எண்ணுகிறது. ஏறக்குறையச் சமமான வலிமை கொண்ட இரு தரப்புகளுக்கே கிளாசலின் மாதிரி நன்கு பொருந்தும். வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையே அதைப் பயன்படுத்துவோர், நடைமுறை என்று பெயரிடப்பட்ட அடிகளையும் சேர்த்து எண்ணியாக வேண்டும்.

பணிநீக்கம் சரியா தவறா என்பது இங்கே தீர்க்க வேண்டிய கேள்வி அன்று. அதற்கென ஒரு வழி சட்டத்திலேயே இருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் 1965இல் சேர்க்கப்பட்ட 2-ஏ பிரிவு, ஒரு தனித் தொழிலாளியின் பணிநீக்கத்தையும் தொழிற்தகராறாகக் கருத இடமளித்தது. அதாவது ‘இந்த மனிதரை நீக்கியது செல்லுமா?’ என்ற கேள்விக்கு ஒரு பாதையும், ‘ஊதியம் எவ்வளவு?’ என்ற கேள்விக்கு வேறொரு பாதையும் இருந்தன. பூசல் நான்காம் படிக்கு இறங்கியதன் அடையாளம், இந்த இரு கேள்விகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான். நாயரை ஏற்றால்தான் ஊதியப் பேச்சு என்று ஒரு தரப்பும், நாயர் இல்லாவிட்டால்தான் ஊதியப் பேச்சு என்று மறுதரப்பும் நின்றபோது, விவகாரம் ‘என்ன?’ என்பதிலிருந்து ‘யார்?’ என்பதற்கு மாறிவிட்டது. ஊதியத்தில் பாதி வழி வரலாம். ஒரு மனிதரைப் பாதி ஏற்க முடியாது.

தலையீட்டுக்கு ஏற்ற கடைசி எளிய தருணம் இதற்குச் சற்று முன்னர் இருந்தது. அப்போது செய்யக்கூடியது ஒட்டிக்கொண்ட கேள்விகளைப் பிரித்து வைப்பது. பணிநீக்க வழக்கு அதன் பாதையில் போகட்டும். அதன் முடிவுக்கு இரு தரப்பும் கட்டுப்படுவதாக எழுதித் தரட்டும். அதுவரை ஊதியப் பேச்சில் தொழிலாளர் தரப்பில் யார் அமர்வது என்பதை மட்டும் ஒரு தற்காலிக ஏற்பாடாக முடிவு செய்யட்டும். இதில் எவரும் தோற்கவில்லை. எவரும் வெல்லவும் இல்லை. அதனாலேயே மூன்றாம் படிவரை இது இயலும். ஐந்தாம் படியில் இதே யோசனையைச் சொன்னால், ஏற்பவர் தம் ஆட்கள் முன் முகம் இழப்பார்.

செப்டம்பர் 19ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஊதியம் என்ற அளவில் அது ஒரு தீர்வு. பூசலின் படிக்கட்டிலோ எதிராளியின் கூட்டத்தைப் பிரிக்கும் செயலாகவே அது மறுதரப்புக்குத் தெரிந்திருக்கும். அதே நாளில் உண்ணாநிலை தொடங்கியது வியப்புக்குரியதன்று. நல்ல தீர்வே ஆனாலும், தவறான ஆளோடு, தவறான படியில் எட்டப்பட்டால் அடுத்த படிக்குத் தள்ளும் கையாகிவிடுகிறது.

எந்தப் படியில் யார் உள்ளே வர வேண்டும் என்பதற்கும் கிளாசலிடம் ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று படிகளில், கூட்டத்தை ஒழுங்காக நடத்தித் தரும் ஒருவர் போதும். அவர் அதே அலுவலகத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். நடுப்படிகளில் இரு தரப்போடும் தனித்தனியே பல அமர்வுகள் இருந்து, உறைந்த சித்திரங்களை இளக்கத் தெரிந்தவர் வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வரை, இரு தரப்பும் ஏற்கும் வெளி நடுவர் இடையில் நின்று நிபந்தனைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். அதற்கும் கீழே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தேவை. அடியில் ஆற்றல் கொண்ட அரசு ஒன்றே தடுக்க முடியும். சனிவார்வாடாவுக்கு வந்தது அந்தக் கடைசி வகைத் தலையீடு. அது பூசலை நிறுத்தியது. பூசல் எதைப் பற்றியது என்று அது கேட்கவில்லை; கேட்பது அதன் வேலையும் அன்று.

தலையீடுகள் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆள் திறமையற்றவர் என்பதன்று. படி தவறிவிட்டது என்பதே. ஆறாம் படியில் நிற்கும் இருவரை ஓர் அறையில் உட்கார வைத்து ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்றால், அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் மறுநாள் சான்றாகப் பயன்படும். இரண்டாம் படியில் நிற்கும் இருவர் மீது விசாரணைக் குழு அமைத்தால், அவர்கள் இருவரும் வழக்குரைஞரைத் தேடுவார்கள்; குழுவே அவர்களை ஐந்தாம் படிக்கு இறக்கிவிடும்.

ஆலையின் அளவில் சொன்னது ஆய்வுக்கூடத்தின் அளவிலும் பொருந்துமா என்று பார்க்க, ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். புனேயின் ஏதோவொரு துறையில் ஒரே பதவியில் இரு ஆசிரியர்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே நிறமாலைமானி. வாரத்தின் நடு நாட்கள் இரண்டும் இருவருக்கும் வேண்டும். இது முதற்படி. துறைக் கூட்டத்தில் ஒருவர் கடந்த ஆறு மாதப் பயன்பாட்டுப் பதிவேட்டை அச்சிட்டுக் கொண்டுவந்து பங்கிடுகிறார். மற்றவர் அந்தக் கருவிக்கான நிதி யாருடைய திட்டத்தில் வந்தது என்று நினைவூட்டுகிறார். இது இரண்டாம் படி. அடுத்த வாரம், கருவியின் மாதிரிக்கலத் தாங்கி ஒருவருடைய அறை அலமாரியில் பூட்டப்படுகிறது. ‘பாதுகாப்புக்காக’ என்று காரணம் சொல்லப்படுகிறது. இது மூன்றாம் படி. எவரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் முதன்முறையாகச் சொல்லின் இடத்தில் ஒரு பூட்டு வந்திருக்கிறது.

தலையிட வேண்டிய வாரம் இதுதான். தலையிடுபவர் இருவருடைய பதவி உயர்விலும் கையெழுத்திடாத ஒரு மூத்த சக ஆசிரியராக இருப்பது நல்லது. துறைத் தலைவர் கேட்டால் வாதம் வரும். சக ஆசிரியர் கேட்டால் விவரம் வரும். முதலில் அவர் இருவரையும் தனித்தனியே, அவரவர் அறையில், அரைமணி நேரம் சந்திக்கிறார். கேட்பது மூன்றே கேள்விகள்: என்ன நடந்தது? அதிலிருந்து மற்றவரின் எண்ணம் என்ன என்று முடிவு செய்தீர்கள்? எந்தத் தேதிக்குள் எத்தனை மணி நேரம் கருவி வேண்டும்? இரண்டாவது கேள்விதான் பூசல் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும். ‘தன் மாணவியின் ஆய்வேடு தாமதமாகுமோ என்று பயப்படுகிறார் போல’ என்ற விடை வந்தால் பூசல் இன்னும் மேல்படியில் இருக்கிறது. ‘அவர் எப்போதுமே அப்படித்தான்’ என்ற விடை வந்தால் நான்காம் படியின் வாசல் வந்துவிட்டது.

அடுத்ததாக, பேச்சுக்கு முன் செயலைத் திருப்ப வேண்டும். பூட்டிய தாங்கி பொது மேசைக்கு வந்தாக வேண்டும். ‘பேசி முடிந்ததும் தருகிறேன்’ என்பதை ஏற்றால், தாங்கி பணயப் பொருளாகிவிடும். அடுத்தவரும் பூட்டுவதற்கு ஒன்றைத் தேடுவார். திருப்பித் தருவதைத் தோல்வியாகத் தோன்றாமல் செய்வது தலையிடுபவரின் கடமை. எடுத்துக்காட்டாக, உதிரிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது அலமாரி என்று துறை முழுவதற்குமான விதியாக அதை மாற்றலாம். அதன்பிறகே கூட்டம். அதில் கருவியின் நாட்களைப் பற்றி மட்டும் பேச்சு, நான்கு வாரங்களுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு, அது எழுத்தில், மறு ஆய்வுக்கு ஒரு தேதி. நான்கு வாரம் என்ற எல்லை முக்கியம். நிரந்தரம் என்றால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் போராடுவார்கள். நான்கு வாரம் என்றால் விட்டுக்கொடுப்பதன் விலை குறைவு.

அந்த வாரம் தவறிப்போனால் மாணவர்கள் உள்ளே இழுக்கப்படுவார்கள். ஒருவருடைய மாணவர் மற்றவருடைய மாணவரோடு தேநீர் அருந்தப் போவது நின்றுவிடும். மின்னஞ்சல்களில் நகல் பெறுவோரின் எண்ணிக்கை கூடும். துறையின் மின்னஞ்சலில் இரண்டு பெயர்களுக்குச் சென்ற செய்தி ஆறு பெயர்களுக்குச் செல்லத் தொடங்கினால், பூசல் பார்வையாளரைத் தேடுகிறது என்று பொருள். இந்நிலையில் நாட்களைப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டும் உதவாது. முதலில் அணிகளைக் கலைக்க வேண்டும்: மாணவர்களின் கருவி நேரத்தை ஆசிரியர்களிடமிருந்து பிரித்து, நேரடியாகத் துறையின் பதிவேட்டுக்கு மாற்றுவது அதற்கு ஒரு வழி. இன்னும் கீழே போய், ஒருவர் மற்றவர் தரவுகளைத் திரித்தார் என்று முதல்வருக்கு எழுதிவிட்டால், அது ஐந்தாம் படி. அப்போது அந்தக் குற்றச்சாட்டு உரிய ஆய்வு நெறிக் குழுவுக்குத் தனியாகப் போக வேண்டும். கருவிப் பங்கீடு வெளி நடுவரிடம் தனியாகப் போக வேண்டும். ‘குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றால் செவ்வாய்க்கிழமை தருகிறேன்’ என்ற பேரத்தை அனுமதித்தால், 1989இல் நாயரும் ஊதியமும் ஒட்டிக்கொண்டதுபோல இங்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நேர்மைக் கேள்வி விலைபேசப்பட்டதாகவும் ஆகும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. எல்லாப் பிரச்சினையும் பூசல் அன்று. பாலியல் துன்புறுத்தல் புகாரை ‘கருத்து வேறுபாடு’ என்று இந்தப் படிக்கட்டில் வைக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டம், புகார் கொடுத்த பெண் தாமே கேட்டால் ஒழிய சமரசத்துக்கு இடமளிக்கவில்லை; பணத்தை அடிப்படையாக்கிய சமரசத்தையும் தடுக்கிறது. சாதி இழிவும் பகடிவதையும் அப்படியே. அங்கே இரு தரப்பையும் சமமாக உட்கார வைப்பதே அநீதி.

இன்னொரு எல்லை, படிகளைச் சத்தத்தைக் கொண்டு அளப்பது. சூடான பூசல், குளிர்ந்த பூசல் என்று கிளாசல் இரண்டாகப் பிரித்தார். ஆலைகளில் பெரும்பாலும் முதல் வகை. பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இரண்டாம் வகை. குளிர்ந்த பூசலில் எவரும் கத்துவதில்லை. கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன. எல்லாம் எழுத்தில், விதி எண்ணோடு நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒழுங்கான துறையாகத் தெரியும். ஆனால் இருவர் ஆறு மாதமாக ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஒருவர் வழிநடத்தும் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு மற்றவர் வருவதில்லை. அமைதியைக் கண்டு முதற்படி என்று எண்ணி உள்ளே போகும் நடுவர், தாம் ஆறாம் படியில் நிற்பதைப் பிறகே உணர்வார். குளிர்ந்த பூசலில் முதல் வேலை ஆற்றுவதன்று. பிணக்கு இருக்கிறது என்பதை இருவர் வாயிலிருந்தும் வரவழைப்பது.

புனே நிகழ்வுகள் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ரத்தன் டாட்டா, நிறுவனம் தன் தொழிலாளரை எப்போதும் தன்னோடு இருப்பவர்கள் என்று எண்ணிக் கவனியாமல் விட்டதாகவும், அவர்களுக்கு வேண்டியதெல்லாம் செய்துவிட்டதாக நம்பியது தவறாக இருந்திருக்கலாம் என்றும் பொருள்படப் பேசினார். வென்ற தரப்பின் தலைவர் சொன்னது என்பதால் அது எடை கொண்ட கூற்று. அது சுட்டுவது 1989 செப்டம்பரை அன்று. பூசல் என்று எவரும் பெயரிடாத அதற்கு முந்தைய ஆண்டுகளை. முதற்படியில் நிலைப்பாடு இறுகுவதற்கு முன், கேட்கப்படாத ஒரு காலம் இருக்கிறது. ஒன்பது நிலைகளில் எதிலும் அதற்கு எண் இல்லை.